ஹப்பில் மவுஸ் ஓடுகிறது, மானிட்டர் மட்டும் இருட்டு

கேள்வி: என் லேப்டாப்பில் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டைப்-சி. எச்டிஎம்ஐயில் பழைய 24 இன்ச் மானிட்டர் ஓடுகிறது. புதிதாக 27 இன்ச், 1440பி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி டைப்-சி ஹப் வழியாகப் போட்டேன். ஹப்பில் மவுஸ், பென்டிரைவ் எல்லாம் வேலை செய்கின்றன. மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. கடைக்காரர் ஹப்பை மாற்றித் தந்தும் அதே கதை. நண்பர் லேப்டாப்பில் அதே ஹப்பில் படம் வருகிறது, ஆனால் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் போகவில்லை. 1,500 ரூபாய்க்கு ‘8கே எச்டிஎம்ஐ கேபிள்’ போட்டால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம், 1,500 ரூபாய் உங்களிடமே இருக்கட்டும். நண்பர் லேப்டாப்பில் படம் வந்தபோதே ஹப்பும் கேபிளும் நல்லவை என்று தெரிந்துவிட்டது. உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். இரண்டும் ஒரே ஹப்பில் வந்து சேர்ந்ததால் ஒன்றாகத் தெரிகின்றன.

முதலில் உங்கள் லேப்டாப். டைப்-சி என்பது துளையின் வடிவத்துக்குத்தான் பெயர், அதில் என்னென்ன வரும் என்பதற்கு இல்லை. சாதாரண ஹப் தானாகப் படம் எதையும் உருவாக்குவதில்லை. லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப்பிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் சிக்னல் அந்தத் துளைக்கு வந்தால், அதை எச்டிஎம்ஐயாக மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். மதர்போர்டில் அந்த இணைப்பே கொடுக்கப்படாத லேப்டாப்கள் ஏராளம். அவற்றில் டேட்டா ஓடும், சிலவற்றில் சார்ஜும் ஏறும், படம் மட்டும் வராது. எந்த டிரைவரை ஏற்றினாலும் இல்லாத இணைப்பு முளைக்காது. மவுஸ் ஓடி மானிட்டர் இருட்டாக இருப்பது இதற்கே உரிய அறிகுறி.

உறுதி செய்துகொள்ள, துளையின் பக்கத்தில் உள்ள குறியைப் பாருங்கள். டி எழுத்துக்குள் பி இருப்பதுபோன்ற டிஸ்ப்ளேபோர்ட் குறியோ, தண்டர்போல்ட்டின் அம்பு முனையுள்ள மின்னல் குறியோ இருந்தால் படம் வரும். குறி இல்லையென்றால் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் முழு மாடல் எண்ணைப் போட்டு விவரப் பட்டியலைத் திறங்கள். `DisplayPort` அல்லது `Alt Mode` என்று இருக்கிறதா, `Data transfer only` என்று இருக்கிறதா என்று பாருங்கள். விற்பனைத் தளத்தில் இருப்பதை நம்ப வேண்டாம். ஒரே பெயரில் வரும் மாடல்களுக்குள்ளேயே துளைகள் வேறுபடும். பட்டியலில் டிஸ்ப்ளேபோர்ட் உண்டு என்று இருந்தும் படம் வராவிட்டால்தான் கிராபிக்ஸ் டிரைவர், பயாஸ் பக்கம் போக வேண்டும்.

சரி, நண்பர் லேப்டாப்பில் ஏன் 60-லேயே நின்றது? இங்கே கொஞ்சம் கணக்கு வேண்டும். 1440பி திரையில் 2560 × 1440, அதாவது சுமார் 36.9 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட். நொடிக்கு 60 முறை அனுப்ப, இடைவெளி நேரத்தையும் சேர்த்து, ஏறக்குறைய 5.8 ஜிகாபிட் ஆகிறது. 144 முறை என்றால் சுமார் 14 ஜிகாபிட். இனி குழாயின் அளவு. டைப்-சியில் அதிவேகப் பாதைகள் நான்கு. யுஎஸ்பி 3 வேகமும் தரும் ஹப், அவற்றில் இரண்டை டேட்டாவுக்கு எடுத்துக்கொண்டு மீதி இரண்டைத்தான் படத்துக்கு விடுகிறது. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் அந்த இரண்டு பாதையில் உண்மையில் போவது 8.64 ஜிகாபிட். 5.8 தாராளமாக நுழையும், 14 நுழையாது. உங்கள் ஹப் பெட்டியில் ‘4கே 30 ஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்டிருந்தால் அதன் எச்டிஎம்ஐ பக்கமும் இதே அளவில்தான் நிற்கும். ஹப்புக்கு அப்புறம் இருக்கும் கேபிளை எவ்வளவு பெரிதாக்கி என்ன பயன்? ‘8கே’ கேபிள் 48 ஜிகாபிட் தாங்கும்தான், ஆனால் அதற்குள் வந்து சேர்வதே 8 சொச்சம்.

இந்தக் கணக்கின்மேல் பழி போடும் முன் நண்பர் லேப்டாப்பில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் பல நேரம் தானாக 60-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். `Settings > System > Display > Advanced display` போய் ரிஃப்ரெஷ் ரேட் பட்டியலைத் திறந்தால், 144 அங்கேயே இருந்தும் யாரும் தொடாமல் விட்டது தெரியலாம். பட்டியலிலேயே இல்லையென்றால் மேலே சொன்ன குழாய்க் கணக்குதான் காரணம்.

இனி உங்களுக்கான வழி. இரண்டு மானிட்டர்களையும் இடம் மாற்றுங்கள். புதியதை லேப்டாப்பின் எச்டிஎம்ஐயில் நேரடியாகப் போடுங்கள். அந்தத் துளை எச்டிஎம்ஐ 2.0 என்றால் 14.4 ஜிகாபிட் வரை போகும், 144 ஹெர்ட்ஸ் மயிரிழையில் நுழைந்துவிடும். 1.4 என்றால் 75 ஹெர்ட்ஸ் அளவோடு திருப்திப்பட வேண்டியதுதான். மானிட்டரின் எச்டிஎம்ஐ உள்ளீடும் 144-ஐ ஏற்கிறதா என்று அதன் கையேட்டில் பாருங்கள்; டிஸ்ப்ளேபோர்ட்டில் மட்டும் முழு வேகம் தரும் மானிட்டர்கள் நிறைய இருக்கின்றன.

பழைய மானிட்டருக்கு, பெட்டியில் ‘டிஸ்ப்ளேலிங்க்’ என்று தெளிவாக எழுதிய அடாப்டர் வாங்குங்கள். இது சாதாரண ஹப்பைவிட விலை கூடுதல். படத்தைச் சுருக்கி யுஎஸ்பி டேட்டாவாகவே அனுப்பி, தன்னிடமுள்ள சிப்பில் விரித்துக் காட்டுவதால், படம் வராத துளையிலும் வேலை செய்யும். அதற்கான மென்பொருளை நிறுவ வேண்டும். எக்செல், மெயில், பிரவுசருக்குப் போதும். கேமுக்கு ஆகாது. ஓடிடி படங்கள் சில நேரம் கறுப்பாகத் தெரியும், காப்புரிமைப் பூட்டு அப்படி.

நண்பரைப் போல படம் வரும் டைப்-சி வைத்திருப்பவர்கள் ஹப்பை விட்டுவிட்டு, டைப்-சியிலிருந்து நேராக டிஸ்ப்ளேபோர்ட் போகும் ஒற்றைக் கேபிளை வாங்கலாம். நான்கு பாதையும் படத்துக்கே கிடைத்து 17.28 ஜிகாபிட் ஆகும், 144 நிம்மதியாக ஓடும். போன் சார்ஜர் கேபிளை மட்டும் டைப்-சி மானிட்டரில் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அதற்குள் அதிவேகப் பாதைகளே இருக்காது. நான் ஒருமுறை அப்படிப் போட்டுவிட்டு அரை மணி நேரம் மானிட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஹப்பைத் திருப்பித் தர முடியுமா என்றால், அது பழுதில்லை, கடைக்காரரின் தயவுதான். பெட்டியில் ‘4கே 60’ என்று போட்டுவிட்டு 30-தான் தருகிறது என்றால் கதை வேறு. அதைப் படமெடுத்துக் கேளுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: ஒரு முனை எச்டிஎம்ஐ, மறு முனை டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கேபிள். அலுவலகத்தில் பிசியையும் டிவியையும் இணைத்தபோது ஓடியது. வீட்டில் லேப்டாப்பின் எச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போட்டால் கண்டுகொள்ளவே இல்லை. ஏன்?
– வாசகர், மதுரை

பதில்: அது ஒருவழிப் பாதை. பெரும்பாலான கணினிகளின் டிஸ்ப்ளேபோர்ட் எச்டிஎம்ஐ சிக்னலையும் கொடுக்கத் தெரிந்தது, அதனால் அந்தப் பக்கத்திலிருந்து மலிவான கேபிளே போதும். எச்டிஎம்ஐ துளைக்கு டிஸ்ப்ளேபோர்ட் பேசத் தெரியாது. பெட்டியில் முதலில் எழுதியிருப்பதுதான் கணினிப் பக்கம் என்று வைத்துக்கொண்டு, ‘எச்டிஎம்ஐ டு டிஸ்ப்ளேபோர்ட்’ என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே சிப் இருக்கும். பெரும்பாலும் கரண்டுக்காக ஒரு குட்டி யுஎஸ்பி வாலும் தொங்கும். வால் இருந்தால் அதையும் லேப்டாப்பில் செருகினால்தான் படம் வரும்.