தேடினால் கிடைக்காத எல்லை ஊர்ப் பாட்டு

கேள்வி: பாலக்காடு பக்கம் நாங்கள் பாடிய தமிழ்ப் பாட்டுகளை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றியிருக்கிறோம். தேடினால் கிடைப்பதே இல்லை. எதைத் திருத்த வேண்டும்?

முதலில் மொழியைப் பாருங்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர்ப் பெண்கள் பாடிய மாரியம்மன் கும்மிப் பாட்டு ஆறை ஏற்றியபோது நாங்கள் சறுக்கியது அங்கேதான். விநியோகம் செய்யும் நிறுவனத்தின் படிவத்தில் மொழிக்கு இரண்டு இடம் உண்டு: தலைப்பு எழுதிய மொழி ஒன்று, பாடிய மொழி இன்னொன்று. படிவத்தை நிரப்பிய தம்பி, ஊர் கேரளம் என்பதால் இரண்டிலும் மலையாளம் என்று போட்டுவிட்டார். கேட்டவர்களின் ஊர்ப் பட்டியலைத் திறந்தபோதுதான் தெரிந்தது. கொச்சியும் திருச்சூரும் இருந்தன. அரை மணி தூரத்தில் இருக்கிற பொள்ளாச்சி இல்லை.

அடுத்தது தலைப்பு. எங்கள் ஆல்பத்தில் `Kummi 1`, `Kummi 2` என்று வரிசையாக இருந்தது. அப்படி யார் தேடுவார்கள்? நாட்டுப்புறப் பாட்டுக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது, முதல் வரிதான் அதன் பெயர். "மாரி வாராளே" என்று தொடங்கும் பாட்டுக்கு அதையே தலைப்பாக வைத்தோம். ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று சண்டை வந்தது. சரி என்று தெருவில் பத்துப் பேரிடம் போனைக் கொடுத்து அடிக்கச் சொன்னோம். ஏழு பேர் அடித்தது `Mari Varale`. `Maari Vaaraale` உச்சரிப்புக்குச் சரியாக இருக்கலாம், ஆனால் ஒருவர்கூட அப்படி அடிக்கவில்லை. தமிழ் எழுத்தில் தேடுபவர்களுக்காகப் பாடல் வரிகளைத் தமிழிலேயே ஏற்றினோம். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் இரண்டிலும் வரியை வைத்தும் தேடலாம். தலைப்புக்குள்ளேயே "தமிழ் கிராமியப் பாட்டு பாலக்காடு" என்று அடுக்காதீர்கள். தளங்கள் அதை ஏற்காமல் திருப்பி அனுப்பும்.

பாடியவர் பெயரிலும் கவனம் வேண்டும். எங்கள் அக்கா பெயரிலேயே இன்னொரு பாடகி இருந்தார், இரண்டு பாட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. படிவத்தில் பெயரை அடித்ததும் வரும் பட்டியலிலிருந்து எடுக்காமல், புதிய கலைஞர் என்று பதிவு செய்திருக்க வேண்டும். பரம்பரைப் பாட்டு என்றால் இயற்றியவர் இடத்தில் பாடியவர் பெயரைப் போடாமல் `Traditional` என்று எழுதுங்கள்.

இதற்காகப் பாட்டை எடுத்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டாம். மொழி, தலைப்பு போன்றவற்றைத் தளத்திடம் நேரே கேட்டாலும் மாற்ற மாட்டார்கள். விநியோக நிறுவனத்தின் கணக்கில் இருக்கும் பதிவையே திருத்தி அனுப்புங்கள். வேறு நிறுவனத்துக்கு மாறியே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் உள்ள, எழுத்தும் இலக்கமும் கலந்து 12 இடம் கொண்ட `ISRC` என்ற அடையாள எண்ணையும் முதலிலேயே குறித்து வைத்து, ஒலிக்கோப்பையும் மாற்றாமல் அதே எண்ணோடு ஏற்றுங்கள். புது எண் கொடுத்தால் தளத்தின் கணக்கில் அது வேறு பாட்டு, அதுவரை கேட்ட எண்ணிக்கை கூடவே வராது. எங்கள் ஆறு பாட்டில் ஒன்றுக்கு அப்படித்தான் போனது.