ஆறாவது பரிசோதனைக்கு 4.7 கோடி டாலர்: செலவுப்பயன் ஆய்வைப் படிப்பது எப்படி?

கேள்வி: மருத்துவத்தில் செலவுப்பயன் ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படிக்கிறேன். ஐ.சி.இ.ஆர்., வரம்பு, சென்சிட்டிவிட்டி அனாலிசிஸ் என்றெல்லாம் வருகிறது. இவற்றை எப்படிப் புரிந்துகொள்வது, எதைக் கவனிக்க வேண்டும்?

அமெரிக்காவில் 1975-இல் நியூஹவுசர், லெவிக்கி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வை வைத்தே சொல்கிறேன். பெருங்குடல் புற்றுநோயைக் கண்டறிய, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரே ஆளுக்கு இதை ஆறு முறை செய்யவேண்டும் என்று அப்போது பரிந்துரை இருந்தது. ஆறாவது முறையால் என்ன கிடைக்கிறது என்று இவர்கள் கணக்குப் போட்டார்கள்.

10,000 பேரில் 72 பேருக்குப் புற்றுநோய் என்று வைத்துக்கொண்டார்கள். ஆறு முறையும் செய்தால் மொத்தச் செலவு 1,76,331 டாலர். கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு 2,451 டாலர் வருகிறது. ஒரு புற்றுநோயைக் கண்டுபிடிக்க இது தாராளமாகக் கொடுக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் ஐந்தோடு நிறுத்தியிருந்தால் செலவு 1,63,141 டாலர்தான். ஆறாவதுக்காக மட்டும் 13,190 டாலர் கூடுகிறது. பத்தாயிரம் பேருக்குத் தலைக்கு ஒரு டாலர் பரிசோதனைக்கு. மீதி, புற்றுநோய் இல்லாமலே 'பாசிட்டிவ்' வந்தவர்களுக்கு எடுக்கும் நூறு டாலர் பேரியம் எக்ஸ்ரேக்கு. இதற்குக் கிடைத்தது என்ன? கண்டறியப்பட்டவர்கள் 71.9417-இலிருந்து 71.9420 ஆனார்கள். ஓர் ஆளில் பத்தாயிரத்தில் மூன்று பங்குகூட முழுதாக இல்லை. கூடுதல் செலவை இந்தக் கூடுதல் பலனால் வகுத்தால், புதிதாக ஒருவரைக் கண்டறிய 4.7 கோடி டாலர். இப்படி வகுத்து வருவதுதான் ஐ.சி.இ.ஆர்.

ஆகவே அட்டவணையில் ஒவ்வொரு வரியையும் அதற்கு நேர் மேலே உள்ள வரியோடு ஒப்பிடுங்கள். புது மருந்தை, இப்போது கொடுத்துவரும் நல்ல மருந்தோடு ஒப்பிடாமல் 'சிகிச்சையே இல்லை' என்பதோடு ஒப்பிட்டிருந்தால் ஐ.சி.இ.ஆர். அழகாகத்தான் வரும். நான் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அடுத்தது வரம்பு: ஓர் அளவு பலனுக்கு அதிகபட்சம் இவ்வளவு கொடுக்கலாம் என்ற தொகை. இந்த 4.7 கோடியை எந்த வரம்போடும் ஒப்பிட முடியாது என்பதையும் கவனியுங்கள். இங்கே அளவு 'கண்டறிந்த ஆள்'. வரம்புகளோ பெரும்பாலும் 'குவாலி' கணக்கில் இருக்கும். முழு ஆரோக்கியத்தோடு வாழும் ஓர் ஆண்டு ஒரு குவாலி. எந்த மருந்துக்கு அரசுப் பணம் தரலாம் என்று மதிப்பிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு ஒரு குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு என்ற வரம்பை நெடுங்காலம் வைத்திருந்தது. அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்டு, யார்க் பல்கலைக்கழகத்தினர் அரசு மருத்துவச் சேவையின் செலவுகளை ஆராய்ந்தார்கள். அங்கே ஏற்கெனவே செலவாகும் பணத்தில் ஏறத்தாழ 13,000 பவுண்டுக்கு ஒரு குவாலி கிடைக்கிறது என்று மதிப்பிட்டார்கள். அப்படியானால் 26,000 பவுண்டுக்கு ஒரு குவாலி தரும் மருந்தை அனுமதிக்கும்போது, அதே பணம் வேறு நோயாளிகளுக்குத் தந்திருக்கக்கூடிய இரண்டு குவாலிகள் போய்விடுகின்றன. அந்த நோயாளிகள் யார் என்று நமக்குத் தெரியாது. வரம்பு அவர்களுக்காகத்தான் இருக்கிறது.

இந்தியாவைப் பற்றிய கட்டுரைகள் பலவற்றில் 'தலா உள்நாட்டு உற்பத்தியின் மூன்று மடங்குக்குள் இருப்பதால் செலவுப்பயன் உள்ளது' என்ற வரி வரும். உலக சுகாதார நிறுவனத்தின் பெயரைச் சொல்லி இதை எழுதுவார்கள். அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே 2016-இல், இதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். மூன்று மடங்கு என்பது மிகவும் தளர்வான வரம்பு. அதை மட்டுமே நம்பி நிற்கும் முடிவை நான் ஏற்பதில்லை.

இனி சென்சிட்டிவிட்டி அனாலிசிஸ். அனுமானத்தை மாற்றினால் விடை எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பது. மேலே சொன்ன ஆய்வில், ஒவ்வொரு பரிசோதனையும் நூற்றுக்குச் சுமார் 92 புற்றுநோய்களைக் கண்டுபிடிக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். அதை 75 ஆக்கி, மற்றதையெல்லாம் அப்படியே விட்டுப் போட்டுப் பாருங்கள். ஐந்து முறை செய்த பிறகு தப்பியவர்கள் 72 × 0.25^5, அதாவது 0.0703 பேர். ஆறுக்குப் பிறகு 0.0176. வித்தியாசம் 0.0527. 13,190-ஐ இதனால் வகுத்தால் ஏறக்குறைய இரண்டரை லட்சம் டாலர். ஒரே ஓர் எண்ணை மாற்றியதும் 4.7 கோடி இங்கே வந்து நிற்கிறது. கட்டுரையில் வரும் 'டொர்னேடோ' படம் இதைத்தான், ஓர் அனுமானத்துக்கு ஒரு பட்டையாகக் காட்டுகிறது. அதில் நீளமான பட்டைகளைப் பாருங்கள். அவற்றில் எது வரம்பைத் தாண்டுகிறது, அந்த எண் எந்தத் தரவிலிருந்து வந்தது என்று தேடுங்கள்.

எல்லா எண்களையும் ஒரே நேரத்தில் மாற்றி ஆயிரக்கணக்கான முறை கணினியில் ஓட்டும் முறையும் உண்டு. 'வரம்புக்குள் இருக்க 85 சதவீத வாய்ப்பு' என்பது போன்ற வாக்கியங்கள் அதிலிருந்து வருபவை. ஆனால் அது எண்களைத்தான் மாற்றும், மாடலின் அமைப்பைத் தொடாது. இந்த ஆய்வில் ஆறு பரிசோதனைகளும் ஒன்றையொன்று சாராதவை என்பது அமைப்பிலேயே இருக்கிறது. ரத்தமே கசியாத கட்டி முதல் முறை தப்பினால் ஆறாவது முறையும் தப்பத்தான் செய்யும். அப்போது கூடுதல் பலன் பூஜ்யம், வகுக்கவே வழியில்லை. இப்படிப்பட்ட அனுமானங்கள் டொர்னேடோ படத்தில் இருக்காது. ஆய்வுமுறை பகுதியில், 'என்று கொள்ளப்பட்டது' என்று முடியும் வாக்கியங்களில் இருக்கும்.