உன் தம்பி உதட்டைப் பார்க்கிறான்

கேள்வி: வீட்டிலிருந்தே வெப் தொடர்களுக்குத் தமிழ் கேப்ஷன் எழுதுகிறேன். வசவு வந்தால் மென்மையாக்கிவிடுவேன். பாகப்பிரிவினைக் காட்சி ஒன்றில் அண்ணன்காரன் தம்பியைப் ‘பொறம்போக்கு’ என்கிறான், நான் ‘கெட்டவனே’ என்று போட்டேன். மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். ஆத்தாவும் அப்பச்சியும் உட்கார்ந்து பார்க்கிற வீட்டில் இதையெல்லாம் என் கையால் எழுதக் கூசுகிறது. பிறவியிலேயே காது கேளாத என் தம்பி (24 வயது) கூட, ‘வாய் ஒன்று சொல்கிறது, எழுத்து வேறு சொல்கிறதே அக்கா’ என்று ஒருநாள் எழுதிக் காட்டினான். சிரித்து மழுப்பிவிட்டேன். வேலையை விட்டுவிடவா?
– தேவகோட்டை வாசகி

பதில்: வேலையை விடுவதை அப்புறம் பார்ப்போம், தங்கச்சி. தம்பி எழுதிக் காட்டியதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டாயே, எனக்கு அதைத் தாண்ட முடியவில்லை.

கண்ணாடி முன்னால் நின்று இரண்டு சொல்லையும் சொல்லிப் பார். ‘பொறம்போக்கு’ என்னும்போது உதடு இரண்டு தரம் ஒட்டிப் பிரியும், ‘பொ’வில் ஒரு தரம், ‘ம்போ’வில் ஒரு தரம். ‘கெட்டவனே’ என்னும்போது மேலுதடும் கீழுதடும் ஒரு தரம்கூட ஒட்டாது. உதட்டை மட்டும் பார்த்து முழுச் சொல்லையும் அவனால் பிடிக்க முடியாது, ஏனென்றால் பகரமும் மகரமும் உதட்டில் ஒரே மாதிரிதான் தெரியும், ககரம் வாய்க்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அதற்காகத்தான் உன் எழுத்தை நம்பி உட்கார்ந்திருக்கிறான். எழுத்தும் உதடும் ஒட்டவில்லை என்றால், என்ன சொல் என்று தெரியாவிட்டாலும் தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். மறைத்தது சொந்த அக்கா. கேட்டவனுக்குச் சிரிப்பைப் பதிலாகக் கொடுத்திருக்கிறாய், எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்தக் காட்சியையே எடுத்துக்கொள். புறம்போக்கு என்பது யார் பெயரிலும் பட்டா இல்லாத நிலம். சொத்தைப் பிரிக்கிற இடத்தில் கூடப்பிறந்தவனை அப்படிச் சொன்னால், ‘நீ இந்த வீட்டுக் கணக்கிலேயே இல்லை’ என்று பொருள். காது கேட்கிறவர்களுக்கு அது சுருக்கென்று தைக்கும். ‘கெட்டவனே’யில் அந்த நிலமும் இல்லை, பங்கும் இல்லை. அடுத்து அந்தத் தம்பி கை ஓங்கினால், இந்தச் சொல்லுக்கா இவ்வளவு கோபம் என்று உன் தம்பி அவனைத்தான் முரடனாக நினைப்பான்.

இது என் சொந்தக் கருத்து மட்டுமில்லை. வசவை வெட்டுவது காது கேளாதவர்களுக்கு எரிச்சலூட்டும், அவர்களைக் கீழாக நடத்துவதாகப் படும் என்று பிபிசியின் சப்டைட்டில் வழிகாட்டி சொல்கிறது. வசனத்தைத் தணிக்கை செய்யக் கூடாது என்பது நெட்ஃபிளிக்ஸ் விதி. மற்றவர் காதில் விழுவது இவன் கண்ணில் விழ வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒலிப்பதிவிலேயே சொல்லை அமுக்கியிருந்தால் [ஒலி நீக்கம்] என்று மட்டும் போடு, உனக்குத் தெரிந்தாலும் நீ நிரப்பாதே. ‘பீப்’ கேட்டால் [பீப்].

தொனியிலும் இதே கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் கத்தலைப் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டிவிடுவார்கள், நம் எழுத்தில் பெரியது சின்னது கிடையாது. ஆச்சரியக்குறியை வரிக்கு வரி தெளித்தால் நாலாவது வரியில் அதற்கு மதிப்புப் போய்விடும். முகம் தெரிந்தால் கோபத்தை அவனே பார்த்துக்கொள்வான். ஆள் திரையில் இல்லாமல் இரண்டாம் கட்டிலிருந்து குரல் மட்டும் வரும்போதுதான் [உள்ளிருந்து கத்துகிறார்] என்று போட வேண்டும். முகம் சிரிக்க, குரல் குத்தலாக இருந்தால் [குத்தலாக] என்று கட்டாயம் எழுது, அதை அவனால் எப்படியும் பார்க்க முடியாது. ‘டா’வையும் ‘டி’யையும் தின்றுவிடாதே, நம் பேச்சில் பாதி மரியாதையும் பாதி அவமரியாதையும் அதில்தான் இருக்கிறது.

ஆத்தா அப்பச்சிக்குக் கூச்சமாக இருக்கும் என்கிறாய். அந்தச் சொல் டிவியிலிருந்து வளவு முழுக்கக் கேட்கும்போது கூசாதவர்களுக்கு எழுத்தில் வந்தால் மட்டும் கூசுமா? கூசினால் அந்தத் தொடரைப் போடாமல் இருக்கட்டும், வயது வகைப்பாடு அதற்குத்தான் திரையிலேயே வருகிறது. நம் பக்கத்தில் பந்தியில் ஒருவன் இலையில் மட்டும் ஒரு பதார்த்தத்தை வைக்காமல் போனால் சும்மா விடுவோமா? 24 வயது ஆண்பிள்ளைக்கு எது ஆகும், எது ஆகாது என்று அவனைக் கேட்காமலே நீ தீர்மானித்திருக்கிறாய். தம்பிக்குக் காதாக இருக்க வேண்டியவள் அக்கா. காவல்காரி வேலையை உனக்கு யாரும் கொடுக்கவில்லை.

உண்மையிலேயே கை வரவில்லையா, அப்படிப்பட்ட தொடர்கள் வேண்டாம் என்று மேற்பார்வையாளரிடம் நேராகச் சொல்லிக் குழந்தைகள் நிகழ்ச்சியோ சமையலோ வாங்கிக்கொள், அதில் தப்பில்லை. ஒப்புக்கொண்ட தொடரில் பாதியை மறைப்பதுதான் தப்பு. திரும்பி வந்த அந்தக் கோப்பை இன்று ராத்திரி தம்பி பக்கத்தில் உட்கார்ந்து திருத்து. அந்த வரியில் ‘பொறம்போக்கு’ என்று போட்டுவிட்டு ஓடவிடு. அன்றைக்கு அவன் கேட்டதற்குப் பதிலையும் எழுதிக் காட்டு.