தொடர் நஷ்டத்துக்குப் பிறகு குவான்டிட்டியைக் குறைப்பது

"2 லட்சம் முதல் போட்டு காரைக்குடியில இருந்து டிரேடு பண்றேன். வரிசையா நஷ்டம் வந்தா குவான்டிட்டியப் பாதியாக்கணும்னு சொல்றாங்க. அது நிஜமாவே உதவுமா, இல்ல மனசுக்குத் தைரியம் மட்டுமா?"

தம்பி, பெரும்பாலும் மனசுக்கு மட்டும்தான். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

டிரேடுக்கு 1% ரிஸ்க், அதாவது 2,000 ரூபாய். ஸ்டாப்லாஸ் 10 ரூபாய் தூரத்தில் இருந்தால் 200 பங்கு. டார்கெட் ரிஸ்க்கைப் போல இரண்டு மடங்கு. மூன்று நஷ்டத்துக்குப் பிறகு 100 பங்காகக் குறைக்கிறீர்கள், அதன்பின் இன்னும் இரண்டு அடி விழுகிறது. மொத்த நஷ்டம் 8,000. குறைக்காமல் இருந்திருந்தால் 10,000. அடுத்த டிரேடு ஜெயித்தால் உங்களுக்கு 2,000 வரும், குறைக்காதவருக்கு 4,000. இருவரும் 6,000 பள்ளத்தில்தான் நிற்கிறீர்கள். பயத்தில் அடுத்த வெற்றியையும் பாதிக் குவான்டிட்டியிலேயே எடுத்தால் நீங்கள் 4,000 பள்ளத்தில், அவர் 2,000 பள்ளத்தில். எப்போது குறைப்பது என்று எல்லோரும் பேசுகிறார்கள். எப்போது பழைய அளவுக்குத் திரும்புவது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. பணம் போவது அங்கேதான்.

'முதலைக் காப்பாற்றுவது தப்பா' என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். தப்பென்று சொல்லவில்லை. நஷ்டம் இன்னும் நீண்டால் குறைத்தவருக்குத்தான் லாபம். ஆனால் 100க்கு 45 ஜெயிக்கும் நல்ல முறையிலேயே, 100 டிரேடுக்குள் ஐந்து தொடர் நஷ்டம் ஒரு முறையாவது வரத்தான் வாய்ப்பு அதிகம். அது வந்ததாலேயே ஆறாவதும் தோற்கும் என்று ஆகிவிடாது.

குறைப்பது உண்மையில் உதவும் இடம் வேறு. பேரேடு எழுதுவதுபோல ஒவ்வொரு டிரேடுக்கும் திட்டமிட்ட நஷ்டம், ஆன நஷ்டம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஐந்தும் 2,000 ஒட்டியே இருந்தால் முறைப்படி நடந்த நஷ்டம், அளவைத் தொட வேண்டாம். 2,000, 2,100, பிறகு 3,400, 3,900 என்று ஏறினால் ஸ்டாப்லாஸைத் தள்ளிப் போட்டிருக்கிறீர்கள், அல்லது நஷ்டத்தில் சேர்த்து வாங்கியிருக்கிறீர்கள். அப்போது பாதியாக்குங்கள். திட்டத்தை மீறாமல் பத்து டிரேடு முடிந்ததும் பழைய அளவுக்குத் திரும்புங்கள்; அந்தப் பத்தில் ஜெயித்தீர்களா என்பது கணக்கில்லை.

ஒரு லாட் மட்டும் எடுத்து ஆப்ஷன் பண்ணுபவர்களுக்குப் பாதி என்பதே கிடையாது. அவர்கள் ஸ்டாப்லாஸை நெருக்கி 'ரிஸ்க் குறைச்சிட்டேன்' என்பார்கள். சாதாரண ஏற்ற இறக்கத்திலேயே அது அடிபட்டு நஷ்ட எண்ணிக்கைதான் கூடும். அவர்கள் டிரேடை விட்டுவிடுவதே மேல்.

இதையெல்லாம் சொல்லித்தராமல், 'நஷ்டம் வந்தா அடுத்ததுல டபுள் போடு' என்று காசு வாங்கிக்கொண்டு வகுப்பு எடுப்பவர்கள் நம் பக்கத்திலும் வந்துவிட்டார்கள். ஐந்து நஷ்டத்தில் அந்தக் கணக்கு 2,000, 4,000, 8,000, 16,000, 32,000. மொத்தம் 62,000 போய்விடும். பையன்கள் வீட்டு நகையை அடகு வைத்து இதைச் செய்வதுதான் வயிறெரிகிறது.

தனி விதியே வேண்டாமென்றால், கையில் அன்று இருக்கும் முதலில் 1% என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நஷ்டத்துக்குப் பிறகு ரிஸ்க் தானாகவே சுமார் 1,900க்கு இறங்கியிருக்கும், முதல் ஏறும்போது அதுவும் ஏறும்.