மருந்து அடித்த வீட்டில் தவழும் குழந்தையை எப்போது தரையில் விடலாம்?

"கரப்பான் பூச்சிக்கு வீடு முழுக்க மருந்து அடிக்க ஆட்கள் வருகிறார்கள். 2 மணி நேரம் கழித்து உள்ளே வரலாம் என்கிறார்கள். 9 மாதக் குழந்தை தவழ்கிறாள். ஒரு பூனையும் மீன் தொட்டியும் இருக்கின்றன. 2 மணி நேரம் போதுமா?"

அந்த 2 மணி நேரம் பெரியவர்களுக்கான கணக்கு. செருப்புக் காலோடு நடப்பவர்கள், தரையைத் தொட்ட கையை வாயில் வைக்காதவர்கள். உங்கள் வீட்டில் அந்தக் கணக்கில் அடங்காத மூன்று பேர் இருக்கிறார்கள்.

வீட்டுக்குள் அடிக்கும் மருந்தில் பெரும்பாலும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பைரெத்ராய்டு வகைதான் இருக்கும். அடித்த மருந்து இரண்டு இடங்களில் தங்குகிறது. காற்றில் மிதக்கும் நுண்துளிகள் சன்னலைத் திறந்தால் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் போய்விடும். சுவரோரத்திலும் கட்டிலுக்கு அடியிலும் படிந்தது போகாது. வாரக்கணக்கில் அங்கேயே இருந்து, மேலே நடக்கும் பூச்சியைக் கொல்ல வேண்டும் என்பதற்காகத்தானே அடிக்கிறோம்? ஈரமாக இருக்கும்போது அது கையிலும் காலிலும் எளிதாக ஒட்டும். காய்ந்துவிட்டால் மிகக் குறைவாகத்தான் ஒட்டும். ஆகவே கடிகாரத்தைவிட ஈரத்தைப் பாருங்கள்.

வாடையை நம்ப வேண்டாம். வாடை பெரும்பாலும் மருந்தைக் கரைத்திருக்கும் எண்ணெயிலிருந்து வருவது. இப்போது வாடையே இல்லாத மருந்துகளும் நிறைய உண்டு. மூக்கு 'எல்லாம் சரி' என்று சொல்லும்போது சோஃபாவுக்குப் பின்னால் தரை ஈரமாக இருக்கலாம். நானே ஒரு வீட்டில் இதைப் பார்த்திருக்கிறேன். ஏசி அறையைப் பூட்டிப் போயிருந்தார்கள். காற்றோட்டமே இல்லை. மூன்று மணி நேரம் கழித்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், அலமாரிக்கு அடியில் தரை பளபளவென்று ஈரத்தோடு மின்னியது.

ஒரு டிஷ்யூ பேப்பரைச் சுவரும் தரையும் சேரும் இடத்தில், அதுவும் வெளிச்சம் படாத மூலையில், லேசாக அழுத்தி எடுங்கள். ஈரமோ பிசுபிசுப்போ இருந்தால் இன்னும் காயவில்லை. வெள்ளையாகப் பொடி மட்டும் ஒட்டினால் அது காய்ந்த மருந்தின் படிவு. சோதனை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்கு நேரக் கணக்கு போட்டுப் பார்ப்போம். காலை 11 மணிக்கு அடித்து முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மணி வரை வீடு பூட்டியிருக்கட்டும். 1 மணிக்கு ஒரு பெரியவர் மட்டும் செருப்போடு போய் எல்லாச் சன்னலையும் திறந்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடட்டும். 2 மணிக்கு டிஷ்யூ சோதனை. மழைக்காலமாக இருந்தால், அல்லது பூச்சில்லாத சிமெண்ட் தரையாக இருந்தால் 3, 4 மணி வரைகூட இழுக்கும். காய்ந்த பிறகு அறையின் நடுப்பகுதியைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, அதுவும் காய்ந்ததும் பெரியவர்கள் வரலாம். மருந்தின் லேபிளில் இதைவிட நீண்ட நேரம் போட்டிருந்தால் லேபிள் சொல்வதுதான் கணக்கு.

பாப்பா அன்று இரவு வீட்டில் தூங்கலாம். ஆனால் கட்டிலிலும் மடியிலும்தான் இருக்க வேண்டும். தரையில் விடுவது மறுநாள், இன்னொரு முறை துடைத்த பிறகு. இதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை, என் பழக்கம். தவழும் குழந்தையின் உள்ளங்கையும் முழங்காலும் நாள் முழுக்கத் தரையில்தான் இருக்கின்றன. அந்தக் கை அடிக்கடி வாய்க்குப் போகிறது. உடல் எடையும் குறைவு.

துடைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சுவரோரம் வரை துடைத்தால் மருந்தே போய்விடும், கரப்பான் திரும்பி வரும். அதற்காகச் சுவரிலிருந்து ஒரு சாண் விட்டுத் துடைக்கச் சொல்வார்கள். பாப்பா அந்த ஒரு சாணை மதிப்பாளா? மாட்டாள். அதனால் அவள் விளையாடும் அறையில் தரையோரம் ஸ்ப்ரே வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இன்னும் ஒரு படி போய், வீடு முழுக்க ஸ்ப்ரே எதற்கு என்று கேட்பேன். கரப்பானுக்கு ஜெல் இருக்கிறது. அலமாரிக் கீல், பாத்திரம் கழுவும் தொட்டியின் அடிப்பக்கம், ஃப்ரிட்ஜின் பின்புறம் என்று கைக்கு எட்டாத இடுக்குகளில் பொட்டுப் பொட்டாக வைப்பார்கள். வீட்டைக் காலி செய்யத் தேவையே இல்லை. ஜெல் வைத்த இடத்தின் மேல் மட்டும் ஸ்ப்ரே அடிக்க விடாதீர்கள். அடித்தால் கரப்பான் அந்த ஜெல்லைத் தின்னாது.

பூனை விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இந்த வகை மருந்தை உடைத்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் கல்லீரல் சரியாகச் செய்யாது. பெர்மெத்ரின் என்ற மருந்து அதற்கு மிகவும் ஆபத்து. லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் வேறு மருந்து கேளுங்கள். கட்டிலுக்கு அடியில் படுத்துவிட்டு வந்து பாதத்தை நக்குவது பூனையின் வழக்கம். அதனால் அது மறுநாள் வரை வெளியே தங்குவதே நல்லது. திரும்பி வந்த முதல் 3 நாளில் காது துடிப்பது, எச்சில் ஒழுகுவது, நடை தள்ளாடுவது, உடம்பு நடுங்குவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

மீன்கள்தான் உங்கள் வீட்டில் ரொம்ப மென்மையானவை. பைரெத்ராய்டு கொஞ்சம் தண்ணீரில் கலந்தாலே தாங்காது. தொட்டியை மூடிவிட்டோம் என்று நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். ஆனால் காற்று பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். அது அறைக் காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் விடும். சிறிய தொட்டியென்றால் மருந்து அடிக்காத அறைக்கு மாற்றிக் கதவைச் சாத்துங்கள். பெரிய தொட்டியை நகர்த்த முடியாது. அப்போது பம்ப்பை வெளியே வைத்து, நீளமான குழாய் வழியாகக் காற்றைக் கொடுங்கள். தொட்டியைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரத்தை ஒட்டிவிடுங்கள். அறை நன்றாகக் காற்றோடிய பிறகு தாளை எடுக்கலாம்.

ஆட்கள் வருவதற்கு முன்பே பாப்பாவின் பொம்மை, விரிப்பு, பால் புட்டி, பூனையின் தட்டு, படுக்கை எல்லாவற்றையும் பையில் போட்டு வெளியே எடுத்துவிடுங்கள். மருந்து அடிக்கத் தொடங்கும் முன்பே டப்பாவின் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வாய்க்குள் போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; அந்தப் படத்தோடு மருத்துவமனைக்குப் போங்கள். சில பூச்சி மருந்துகளுக்கு மாற்று மருந்து இருக்கிறது, பைரெத்ராய்டுக்குத் தனியாக எதுவும் இல்லை. எதற்குச் சிகிச்சை தருகிறோம் என்று மருத்துவருக்குத் தெரிய லேபிளில் உள்ள மருந்தின் பெயர் வேண்டும்.