வீட்டு சைக்கிளின் 24 கிலோமீட்டர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டில் உடற்பயிற்சி சைக்கிள் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. திருகைத் திருகினால் ஃப்ளைவீலின் மேல் ஒரு பட்டை அழுத்தும் வகை. தினமும் 45 நிமிடம் மிதிக்கிறேன். திரையில் மிதி வேகம் 85, வேகம் 32 என்று காட்டுகிறது, முடிக்கும்போது 24 கிலோமீட்டர். போன ஞாயிறு என் சாதாரண கியர் சைக்கிளில் அதே 24 கிலோமீட்டரைச் சமதளச் சாலையில் ஓட்டினேன். 1 மணி 12 நிமிடம் ஆனது. என் எடை 80 கிலோ, சைக்கிள் 15 கிலோ. மெஷின் பொய் சொல்கிறதா, இல்லை சாலையில் எனக்குத்தான் தெம்பு போதவில்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தெம்பு போதவில்லை என்பதை முதலில் விட்டுவிடுங்கள். மெஷினும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அது அளக்காத ஒன்றை அளந்ததுபோல் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இத்தகைய சைக்கிளில் பெரும்பாலும் இருப்பது ஒரு சின்னக் காந்தமும் ஒரு சென்சாரும். காந்தம் சென்சாரைக் கடக்கும்போதெல்லாம் ஒரு எண்ணிக்கை கூடும். அதை ஏதோ ஒரு நீளத்தால் பெருக்கி 'தூரம்' என்று திரையில் போடுகிறார்கள். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 85 வீதம் 45 நிமிடம் மிதித்தால் 3,825 சுற்று. 24,000 மீட்டரை அதால் வகுத்தால் சுற்றுக்கு ஏறக்குறைய 6.3 மீட்டர். அதாவது, நீங்கள் எப்போதும் ஓரளவு கனமான ஒரே கியரில் போவதாக மெஷின் வைத்துக்கொண்டிருக்கிறது.

இதை உறுதி செய்ய ஒரு நிமிடம் போதும். மிதி வேகத்தை 80-இல் நிறுத்திக்கொண்டு திருகை நன்றாகத் தளர்த்துங்கள். வேகம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பிறகு அதே 80-இல் திருகை இறுக்குங்கள். இரண்டு முறையும் ஒரே எண் வந்தால் அது வெறும் மிதி எண்ணிக்கை. இறுக்கும்போது வேகம் கூடினால், மெஷின் உங்கள் உழைப்பை ஏதோ ஒரு வகையில் வாட்ஸாகக் கணக்கிட்டு அதிலிருந்து வேகத்தை எடுக்கிறது. அது சற்றுத் தேவலை. உங்களுடையது முதல் வகை என்றே நினைக்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் சைக்கிளின் திரை பழுதாகி, வேறொரு மாடலின் திரையைப் பொருத்தினேன். அதே காலும் அதே அறையும்தான், ஆனால் ஒரே இரவில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம் கூடிவிட்டது. இரண்டு நாள் பெருமையாக இருந்தது, மூன்றாம் நாள்தான் காரணம் புரிந்தது.

சரி, சாலைக்கு வருவோம். சமதளத்தில் சைக்கிளைப் பிடித்து இழுப்பவை முக்கியமாக இரண்டு: டயர் தரையில் நசுங்கி உருளும் தடை, உங்கள் மார்பில் மோதும் காற்று. முதலாவது வேகத்தைப் பொறுத்துப் பெரிதாக மாறாது. காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கமாக ஏறும். அதை எதிர்த்துச் செலவிடும் சக்தி வேகத்தின் கனமாக ஏறும். நிமிர்ந்து உட்காரும் சைக்கிள், சற்று அகலமான டயர், ஆளும் வண்டியும் சேர்ந்து 95 கிலோ, காற்று வீசாத நாள் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 20 கிலோமீட்டருக்கு, அதாவது நீங்கள் ஞாயிறு ஓட்டிய வேகத்துக்கு, சுமார் 100 வாட்ஸ் வேண்டும். 25-க்கு சுமார் 170. மெஷின் சொல்லும் 32-க்கு 300-ஐத் தாண்டுகிறது. 300 வாட்ஸை 45 நிமிடம் தாங்குவது நன்றாகப் பயிற்சி பெற்றவர்களுக்கே பெரிய வேலை. என் கணக்கு பத்துப் பதினைந்து சதவீதம் பிசகலாம், ஆனால் மூன்று மடங்கு இடைவெளியை அந்தப் பிசகு மூடாது.

'அப்படியானால் மெஷின் எண்ணை ஒன்றரையால் வகுத்தால் போதுமா?' என்று கேட்கத் தோன்றும். 32-க்கு 20 என்ற உங்கள் விகிதம் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. ஆனால் அந்த விகிதம் நிலையாக நிற்காது. பட்டை அழுத்தும் மெஷினில் திருகைத் தொடாமல் மிதி வேகத்தைக் கால் பங்கு கூட்டினால், உழைப்பும் ஏறக்குறைய கால் பங்குதான் கூடும். சாலையில் 20-ஐ 25 ஆக்குவதும் கால் பங்கு உயர்வுதான், அதற்கு 100 வாட்ஸ் 170 ஆக வேண்டும். வேகத்தை மெஷின் மலிவாக விற்கிறது, எவ்வளவு வேகமோ அவ்வளவு தள்ளுபடி. தவிர, திருகைக் கால் சுற்று மாற்றினால் பழைய விகிதம் மொத்தமும் போய்விடும்.

மேடு பள்ளம் வந்தால் இன்னும் வேடிக்கை. நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டர் ஏறும் சாலையை ஏற்றம் என்றே பலர் சொல்ல மாட்டார்கள். உங்கள் 100 வாட்ஸை வைத்து அதில் ஏறினால் மணிக்கு 12 கிலோமீட்டர்தான் போவீர்கள், அதே வழியில் இறங்கினால் 30. ஆறு கிலோமீட்டர் ஏற 30 நிமிடம், இறங்க 12 நிமிடம். மொத்தச் சராசரி 17. ஏறும்போது இழந்ததை இறக்கம் முழுதாகத் திருப்பித் தருவதில்லை, ஏனென்றால் மெதுவாகப் போகும் பகுதியில்தான் அதிக நேரம் கழிகிறது. எதிர்க்காற்றும் இப்படித்தான், திரும்பி வரும்போது ஈடாகிவிடும் என்று நம்ப வேண்டாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. வீட்டில் 45 நிமிடமும் கால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சாலையில் சிக்னல், வளைவு, இறக்கம் எல்லாவற்றிலும் மிதிப்பதை நிறுத்தி உருண்டு போவீர்கள். ஆகவே நிமிடத்துக்கு நிமிடம் பார்த்தால் வீட்டுப் பயிற்சி அடர்த்தியானது. உங்கள் 1 மணி 12 நிமிடத்தில் நின்ற நேரமும் சேர்ந்திருந்தால், ஓடிய வேகம் 20-க்கும் மேலேதான். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் நாடித்துடிப்பை நடுவராக வையுங்கள். காற்று அடங்கிய காலையில், சமதளச் சாலையில், துடிப்பு 130-ஐ ஒட்டி இருக்கும்படி போக 20 நிமிடம், வர 20 நிமிடம் ஓட்டி, அந்த 40 நிமிடத்தின் சராசரி வேகத்தைக் குறியுங்கள். வேறொரு நாள் வீட்டில் அதே துடிப்பு வரும்படி திருகை வைத்து, அந்த நிலையில் ஒரு கோடு கிழியுங்கள். 85 மிதியும் அந்தக் கோடும் சேர்ந்ததுதான் உங்கள் சாலை வேகத்துக்கு நிகர். மின்விசிறியை முகத்துக்கு நேராக வைக்க மறக்க வேண்டாம். மூடிய அறையில் உடம்பு சூடாகி, உழைப்பு கூடாமலே துடிப்பு மெல்ல ஏறிவிடும். அதனால் முதல் பத்து நிமிடத்தை விட்டு, அடுத்த இருபதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை தேயத் தேய அந்தக் கோடும் நகரும், மாதம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

அப்புறம், குறிப்பேட்டில் 24 கிலோமீட்டர் என்று எழுதுவதை விட்டுவிட்டு, '45 நிமிடம், மிதி 85, திருகு கோட்டில், துடிப்பு இவ்வளவு' என்று எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அதே கோட்டில் அதே 85-க்குத் துடிப்பு 130-லிருந்து 122 ஆனால், சாலையிலும் அது தெரியும்.