தசைநாணுக்குப் புது வேலை

அன்புள்ள ஐயா,

என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. பிசியோதெரபி படிக்கிறேன் என்கிறாள். "கை கால் பிடித்துவிடும் வேலைக்கு இத்தனை வருடம் படிக்க வேண்டுமா?" என்கிறார்கள் உறவினர்கள். எனக்கும் பதில் தெரியவில்லை.

ஒரு தந்தை, குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

பதில் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1940களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சீராக்கத் தொடங்கினார். அவர் பெயரை எல்லோரும் சொல்கிறோம். கத்தியைக் கீழே வைத்த பிறகு நடந்ததைத்தான் யாரும் சொல்வதில்லை.

பீடி சுற்றும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். தொழுநோய் அவருடைய முழங்கையருகே ஓடும் நரம்பைக் கெடுத்துவிட்டது. உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து, மோதிர விரலும் சுண்டு விரலும் கொக்கிபோல் வளைந்துவிட்டன. முன்கைத் தசைகளில் பெரும்பாலானவை நன்றாக இருக்கின்றன. அதனால் நடுவிரலை மடக்கும் இரண்டு தசைநாண்களில் ஒன்றை எடுத்துப் பிரித்து, வளைந்த விரல்களில் இணைக்கிறார் மருத்துவர்.

ஆனால் மூட்டு இறுகிப்போயிருந்தால் இந்த அறுவை பயன் தராது. ஆகவே பிசியோதெரபிஸ்டின் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. எண்ணெய் தடவி நீவி, விரலுக்குச் சிறு மாவுக்கட்டுகளைச் சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றிப் போட்டு, மூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துகிறார்.

அறுவைக்குப் பின் ஏறக்குறைய மூன்று வாரம் கட்டு. கட்டைப் பிரித்ததும்தான் கடினமான பகுதி. விரலின் நடுமூட்டை மடக்கியே பழகிய தசை, இனி விரலை நேராக வைத்தபடி அடிமூட்டை மடக்க வேண்டும். அந்த மனிதர் முயல்கிறார். பழைய பழக்கத்தில் நடுமூட்டுதான் மடங்குகிறது. பிசியோதெரபிஸ்ட் நிறுத்தி, விரலைப் பிடித்து, மறுபடி செய்யச் சொல்கிறார். சரியான அசைவு ஐந்து முறை வந்து, ஆறாவதில் பழையபடி மடங்கினால் தசை களைத்துவிட்டது என்று பொருள். அன்றைக்கு அவ்வளவுதான். அவசரப்பட்டு இழுத்தால் தைத்த இடம் விட்டுவிடும்.

இன்னொன்று, அந்தக் கைக்கு வலி தெரியாது. அளவு மீறியதை நோயாளியால் சொல்ல முடியாது. வீக்கத்தையும் சூட்டையும் பார்த்துச் சிகிச்சை தருபவரே கண்டுபிடிக்க வேண்டும். எந்த நரம்பு எந்தத் தசையை இயக்குகிறது, தைத்த திசு எத்தனை நாளில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரியாதவர் அந்தக் கையைத் தொடக்கூடாது. அத்தனை வருடப் படிப்பும் இதற்குத்தான்.

இந்தத் தொழிலில் அறுவை செய்ய முடியாது என்பதை உங்கள் மகள் தெரிந்துகொண்டே சேரட்டும். தொடக்கத்தில் சிறு தனியார் நிலையங்களில் சம்பளமும் குறைவு. கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மாணவர்கள் எந்த மருத்துவமனையில், எந்தெந்த வார்டுகளில், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் நோயாளிகளோடு இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இறுதியாண்டு மாணவர் ஒருவரிடமும் அதே கேள்வியைத் தனியாகக் கேளுங்கள். இரண்டு பதில்களும் ஒத்துப்போனால் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்.